நீலக் குர்தியை மெரூன் ஆக்குவது: நாலு நிமிட வீடியோவுக்கு ஒரு பேச்சு வரைவு

பெரியம்மா மகள், எனக்கு அக்கா, வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு குர்தியும் ப்ளவுஸும் தைத்துக் கொடுக்கிறாள். தைத்து முடித்ததை மகளுக்குப் போட்டுவிட்டு, வெள்ளைச் சுவர் பக்கம் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து, தெரிந்தவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். வருகிற பதிலில் பாதி ஒரே கேள்விதான்: "இதே மாடல் மெரூன்ல எப்படி இருக்கும்?" ஒவ்வொரு நிறத்திலும் தைத்துக் காட்ட முடியாது. "போட்டோவுல நிறத்தை மட்டும் மாத்தக் கத்துக்குடுடா" என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரிந்தது படம் திறப்பது, மெயில் அனுப்புவது, அவ்வளவே.

அவளுடைய பழைய லேப்டாப்பில் கிம்ப் 2.10 போட்டுக் கொடுத்தேன். இலவசம், பழைய மெஷினிலும் ஓடும். பிறகு திரையைப் பதிவு செய்து ஒரு வீடியோ எடுத்தேன். வரைவு எதுவும் எழுதவில்லை. நமக்குத் தெரிந்த விஷயம்தானே, பேசிக்கொண்டே செய்துவிடலாம் என்று நினைத்தேன். பதினோரு நிமிஷம் வந்தது. அக்கா நாற்பதாவது விநாடியில் நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியதற்குக் காரணம் நான் நினைத்த எதுவும் இல்லை. போட்டோவைத் திறந்ததும் அவள் திரையில் ஒரு பெட்டி எழும்பி, படத்தைத் திருப்பட்டுமா என்று கேட்டிருக்கிறது. போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படம். "இது செங்குத்தான படம்" என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு கிம்ப் கேட்கிற கேள்வி அது. அதற்கு முன்னோ பின்னோ நிறத்தைப் பற்றி இன்னொரு பெட்டியும் வரலாம். என் வீடியோவில் இரண்டுமே வரவில்லை. ஏன் என்று தேடினால், எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் நானே என் மெஷினில் `Don't ask me again` என்ற கட்டத்தில் டிக் போட்டு வைத்திருக்கிறேன். அக்கா என்ன நினைத்தாள்? "தம்பி வீடியோவுல இது வரல. நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன்." உடனே எல்லாவற்றையும் மூடிவிட்டாள்.

முதல்முறை செய்கிறவருக்கு, தன் திரையில் வருவது வீடியோவில் வராவிட்டால் தான்தான் தப்பு செய்தோம் என்றே தோன்றும். வரைவின் பெரும்பகுதி வேலை இதைத் தடுப்பதுதான். எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்பதைவிட, அழுத்தியதும் என்ன தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன காரணம் என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை உட்கார்ந்து எழுதினேன். அதைத்தான் இங்கே காரணங்களோடு போடுகிறேன்.

முதலில் எந்த வழியைக் கற்றுக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெரும்பாலான பாடங்கள் துணியின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு "தேர்வு" செய்யச் சொல்வதில் தொடங்குகின்றன. நேர்த்தியான வழிதான், ஆனால் முதல் நாளுக்கு ஆகாது. தேர்வு செய்த கோடு ஒன்று எங்கேயோ உயிரோடு இருந்தால், அதற்கு வெளியே தூரிகை வேலையே செய்யாது. ஏன் என்று புதியவருக்குப் புரியாது. நான் எடுத்துக்கொண்டது வேறு வழி. போட்டோவின் மேல் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு லேயரைப் போட்டு, அதில் தூரிகையால் மெரூனைப் பூசி, பிறகு அந்தத் தாளிடம் "உன் நிறத்தை மட்டும் கொடு, வெளிச்சத்தைக் கீழே இருக்கிற படத்திலிருந்து எடுத்துக்கோ" என்று சொல்லிவிடுவது. ஒரு லேயர், ஒரு தூரிகை, ஒரு அழிப்பான். மொத்தம் அவ்வளவுதான். மூலப்படத்தைத் தொடுவதே இல்லை.

வரைவின் ஆரம்பம் இது:

> "வணக்கம். இந்த நீலக் குர்திய நாலு நிமிஷத்துல மெரூனா மாத்தப் போறோம். மடிப்பு, சுருக்கம், நிழல் எல்லாம் அப்படியே இருக்கும். கிம்ப்ப திறந்துக்கோங்க. மேல இடது ஓரத்துல `File`, அதுக்குள்ள `Open`. உங்க படத்தத் தேர்ந்தெடுங்க. இப்ப உங்களுக்கு ஒண்ணு ரெண்டு கேள்வி வரலாம், வராமலும் போகலாம். ரெண்டும் சரிதான். படத்தைத் திருப்பணுமான்னு கேட்டா `Rotate`. நிறத்தை மாத்தணுமான்னு கேட்டா `Convert`. படம் நேரா நிமிந்து தெரியுதா? தெரிஞ்சா அடுத்ததுக்குப் போகலாம்."

"வரலாம், வராமலும் போகலாம், ரெண்டும் சரிதான்" என்ற அந்த வரிதான் முழு வரைவிலும் அதிகம் வேலை செய்கிற வரி. இதைப் பதிவு செய்வதற்காக என் மெஷினில் வேறொரு பயனர் கணக்கு தொடங்கி, கிம்ப்பை முதல் தடவை திறப்பது போலத் திறந்து, போனில் எடுத்த படத்தை எதுவும் செய்யாமல் அப்படியே ஏற்றினேன். பத்து வருஷமாகப் பழகிய மெஷினில் எடுத்த வீடியோவில் இருப்பது நம்முடைய பழக்கம்தான், புதியவர் திரை இல்லை.

அடுத்தது லேயர்:

> "வலது பக்கம் கீழ பாருங்க. `Layers`னு ஒரு பட்டியல், அதுல உங்க போட்டோ சின்னதா தெரியும். இப்ப மேல `Layer` மெனுவுல `New Layer`. ஒரு பெட்டி வரும். அதுல `Fill with`னு இருக்கிற இடத்துல `Transparency`ன்னு இருக்கணும். இருக்கா? `OK`. படத்துல எந்த மாத்தமும் தெரியாது. தெரியக் கூடாது. ஆனா வலது பக்கப் பட்டியல்ல இப்ப ரெண்டு வரி இருக்கும். மேல இருக்கிறது நம்ம கண்ணாடித்தாள்."

"எந்த மாற்றமும் தெரியாது" என்று சொல்லாமல் விட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து மூன்று நான்கு லேயர் சேர்த்துவிடுவார்கள். `Fill with` பற்றிச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அந்தப் பெட்டியில் வெள்ளை நிறம் தேர்வாகியிருந்தால் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். போட்டோ அழிந்துபோச்சு என்று பயந்துவிடுவார்கள். உண்மையில் வெள்ளைத் தாள் ஒன்று மேலே மூடியிருக்கிறது, அவ்வளவுதான். `Ctrl+Z` அடித்தால் திரும்ப வந்துவிடும்.

நிறத்தை எடுப்பது பற்றி நான் நிறைய யோசித்தேன். "உங்களுக்குப் பிடிச்ச மெரூனை எடுங்க" என்று சொல்வது சுலபம். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை எடுப்பார்கள். பாதிப் பேருக்கு விளைவு மோசமாக வரும். அதனால் எண்ணையே கொடுத்துவிட்டேன்.

> "இடது பக்கம் கருவிகளுக்குக் கீழ ரெண்டு சின்ன நிறக் கட்டம் இருக்கும். மேல இருக்கிற கட்டத்தை அமுக்குங்க. வர்ற பெட்டியில `HTML notation`னு ஒரு இடம். அதுல ஏழு எட்டு ரெண்டு எட்டு ரெண்டு எட்டுன்னு டைப் பண்ணி எண்டர் தட்டுங்க. மங்கலான ஒரு சிவப்பு தெரியும். 'இவ்வளவு மங்கலா இருக்கே'ன்னு யோசிக்காதீங்க. `OK`."

ஏன் மங்கலான நிறம்? இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். கணக்கு வரைவில் வராது. ஆனால் வரைவில் அந்த எண் ஏன் இருக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

கிம்ப்பில் `HSL Color` என்று ஒரு கலவை முறை இருக்கிறது. அது மேல் லேயரிலிருந்து நிறத்தையும் அதன் அடர்த்தியையும் எடுத்துக்கொண்டு, கீழ்ப் படத்திலிருந்து வெளிச்ச அளவை எடுத்துக்கொள்கிறது. அந்த வெளிச்ச அளவு என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுப்பது. அக்கா மகளின் நீலக் குர்தியில் நடுத்தரமான ஒரு புள்ளி 38, 70, 130 என்று வைத்துக்கொள்வோம். பெரியது 130, சிறியது 38, வெளிச்சம் 84. தோள்பட்டையில் வெயில் பட்ட ஒரு புள்ளி 110, 140, 200, வெளிச்சம் 155.

மெரூன் என்றதும் எல்லாரும் எடுக்கிற நிறம் 128, 0, 0. அதில் பச்சையும் நீலமும் சுத்தமாக இல்லை, அதாவது அடர்த்தி முழுசு. அதைப் பூசினால் நடுப்புள்ளி 168, 0, 0 ஆகிறது. வெயில் பட்ட புள்ளி 255, 55, 55. இது மெரூன் இல்லை, பிளாஸ்டிக் வாளியின் சிவப்பு. துணியே விளக்கு மாதிரி எரியும். நான் கொடுத்த 782828 என்பது 120, 40, 40. அடர்த்தி சரியாகப் பாதி. இதைப் பூசினால் நடுப்புள்ளி 126, 42, 42, தோள்புள்ளி 205, 105, 105. இரண்டுமே துணியில் பார்க்கக்கூடிய நிறங்கள். நாம் எடுக்கிற நிறத்தின் வெளிச்சம் எங்கேயும் பயன்படுவதே இல்லை, அது போட்டோவிலிருந்து வந்துவிடுகிறது. அடர்த்தி மட்டும் அப்படியே போய்ச் சேர்கிறது. ஆக, எடுக்கும்போது குறைவாக எடுக்க வேண்டியது அடர்த்தியை.

இப்போது பூசும் கட்டம். இங்கே ஒரு விஷயத்தை வேண்டுமென்றே தலைகீழாக வைத்தேன். கலவை முறையை முதலிலேயே மாற்றிவிட்டு அப்புறம் பூசச் சொல்வதுதான் ஒழுங்கு. நான் முதலில் பூசச் சொல்லி, அசிங்கமாகத் தெரியவிட்டு, பிறகு மாற்றச் சொல்கிறேன்.

> "கீபோர்டுல `P` தட்டுங்க. தூரிகை வந்துடும். குர்திக்கு நடுவுல, ஓரத்துக்குப் போகாம, நாலு இழுப்பு இழுங்க. பெயிண்ட் அடிச்ச மாதிரி, மடிப்பெல்லாம் மறைஞ்சு அசிங்கமா இருக்கும். அப்படித்தான் இருக்கணும். இப்ப வலது பக்கம், `Layers` பட்டியலுக்கு மேல, `Mode`னு ஒண்ணு. பக்கத்துல `Normal`னு இருக்கும். அதை அமுக்குங்க. நீளமா ஒரு பட்டியல் விரியும். கீழ போயி, `HSL Color`. அமுக்குங்க."

இதற்கப்புறம் வரைவில் நான்கு விநாடி மௌனம் என்று எழுதி வைத்திருக்கிறேன். மடிப்புகள் திரும்பி வருகின்றன. பெயிண்ட் துணியாகிறது. அந்த இடத்தில் யாரும் பேசக் கூடாது. இந்தப் பாடத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே கருத்து நிறமும் வெளிச்சமும் தனித்தனி என்பது. அதை வாயால் விளக்கினால் ஒரு நிமிஷம் ஆகும். கண்ணால் பார்த்தால் ஒரு விநாடி. மௌனத்துக்குப் பிறகு ஒரே வரி: "நிறம் மட்டும் மேல இருந்து வருது, வெளிச்சம் உங்க போட்டோவுல இருந்து வருது."

பட்டியலில் `LCh Color` என்று இன்னொன்றும் இருக்கும். அவசரத்தில் அதை அமுக்கிவிட்டாலும் கெட்டுப்போகாது, கிட்டத்தட்ட இதே வேலைதான். அது வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தோன்றுகிறபடி அளக்கும். அதனால் கருநீலத்தை மஞ்சளாக்கினால் பழுப்பாகத்தான் வரும். `HSL Color` கொஞ்சம் தாராளமாக வெளுப்பாக்கிக் காட்டும். இதை வீடியோவில் சொல்லவில்லை. நாலு நிமிஷத்தில் இடமில்லை.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலப் பாடங்களில் "அமுக்கு" என்பது முதல் சொல். கேட்பவர் எதை, எங்கே என்று காத்திருப்பார். நம் மொழியில் "வலது பக்கம், பட்டியலுக்கு மேல, `Mode`னு இருக்கிறதை" என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்பவரின் மௌஸ் அங்கே போய் நிற்கும், அப்புறம் "அமுக்குங்க". புதியவருக்கு இது பெரிய வசதி. ஆனால் பேசுகிற நாம் கை பழக்கத்தில், "வலது பக்கம்" என்று தொடங்கும்போதே கிளிக் செய்து முடித்துவிடுகிறோம். என் முதல் வீடியோவைத் திரும்பப் பார்த்தால் முழுக்க அதுதான்: குரல் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, திரையில் வேலை முடிந்து பெட்டியே மூடிவிட்டது. இரண்டாவது தடவை வரைவில் ஒவ்வொரு "அமுக்குங்க" மேலும் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி வரும்வரை விரல் அசையக் கூடாது. இதற்காகவே குரலையும் திரையையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். முதலில் குரல், பிறகு அதைக் காதில் கேட்டுக்கொண்டே திரை.

இனி ஓரங்கள். நேரம் அதிகம் பிடிப்பது இங்கேதான். வீடியோவில் இதை வேகமாக ஓட்டிக் காட்டலாம், ஆனால் வேகமாக ஓட்டுகிறோம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு இருபது நிமிஷம் ஆகும்போது "எனக்கு வரல" என்று விட்டுவிடுவார்கள்.

> "மிச்சத்தையும் பூசுங்க. ஒரே இடத்துல பத்துத் தடவை பூசினாலும் கெட்டியாகாது, பயப்படாதீங்க. ஓரத்துக்கு வந்ததும் `Ctrl` அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மௌஸ் சக்கரத்தை உருட்டினா படம் பெருசாகும். தூரிகைய சின்னதாக்க `[`, பெருசாக்க `]`. கழுத்துல, கையில நிறம் ஏறிடுச்சுன்னா `Shift`டோட `E`. அழிப்பான் வரும். தேய்ச்சா தோல் நிறம் திரும்பி வரும். திரும்பவும் பூச `P`. இத நான் இங்க வேகமா ஓட்டிக் காட்டுறேன். எனக்கே கால் மணி நேரம் ஆச்சு."

ஓரத்தில் மூன்று விதமான தப்புகள் வரும், மூன்றும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும். ஓரத்தை ஒட்டி ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய வரி தெரிந்தால், தூரிகை ஓரம்வரை போகவில்லை என்று அர்த்தம். தூரிகையின் விளிம்பு மென்மையானது; அங்கே பாதி மெரூன், பாதிப் பழைய நீலம் கலந்து ஊதாவாகிறது. இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பூசினால் போகும். கழுத்து ஓரம் வெயிலில் கன்றியது போலச் சிவந்திருந்தால், நிறம் தோலில் ஏறியிருக்கிறது, அழிப்பான். மூன்றாவதுதான் மோசமானது. அழிப்பானால் தேய்த்தால் தோல் வராமல் வெள்ளையாக வருகிறது. அப்படியென்றால் கண்ணாடித்தாளில் வேலை செய்யவில்லை, போட்டோவின் மேலேயே கை வைத்திருக்கிறார்கள். பட்டியலில் கீழே இருக்கிற வரியைத் தெரியாமல் ஒரு தடவை தொட்டிருப்பார்கள். இதற்கு வரைவில் தனியாக இடம் ஒதுக்கினேன்:

> "தேய்ச்சா வெள்ளையா வருதா? உடனே நிறுத்துங்க. படம் பழையபடி வர்ற வரைக்கும் `Ctrl+Z` தட்டுங்க. வலது பக்கப் பட்டியல்ல மேல் வரியை ஒரு தடவை அமுக்குங்க. இப்ப தேய்ச்சுப் பாருங்க."

விட்டுப்போன இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அந்தத் தலைகீழ் வரிசையே உதவியது. `Mode`-ஐ மறுபடி `Normal`-க்குக் கொண்டுபோனால் குர்தி ஒரு தட்டையான மெரூன் அட்டையாகத் தெரியும். பூசாமல் விட்ட இடமெல்லாம் அதில் நீல ஓட்டைகளாகத் தெரியும். அடைத்துவிட்டுத் திரும்ப `HSL Color`. அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை செய்து பார்த்த மாற்றம் என்பதால் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை.

வெள்ளைச் சுவரை அக்கா தற்செயலாகத்தான் தேர்ந்தெடுத்தாள். ஆனால் இந்த முறைக்கு அது நன்றாகப் பொருந்திவிட்டது. வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் நிறத்துக்கு இடமே இல்லை. சுவரின் 245, 245, 243 என்ற புள்ளியில் நம் மெரூன் பட்டால் 250, 239, 239 அளவுக்கு வரும். உற்றுப் பார்த்தால்தான் ரோஸ் தெரியும். குர்தியின் வெள்ளை பட்டன்கள் மேலேயே பூசினாலும் கிட்டத்தட்ட வெள்ளையாகவே நின்றதற்கும் இதே காரணம்தான்.

அதே காரணத்தால் இந்த முறை தோற்கிற இடமும் இருக்கிறது. வெள்ளைக் குர்தியை இப்படி மெரூன் ஆக்க முடியாது. கறுப்புக் குர்தியும் கறுப்பாகவே இருக்கும். கட்டம் போட்ட துணியில் எல்லாக் கட்டமும் ஒரே நிறத்துக்கு வந்து, வெளிர் கட்டம், கரும் கட்டம் என்கிற வித்தியாசம் மட்டும் மிஞ்சும். இதை எங்கே சொல்வது என்பதில்தான் முதலில் தப்பு செய்தேன், கடைசியில் வைத்திருந்தேன். அக்கா வெள்ளை ப்ளவுஸ் படத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் மூன்றாவது நிமிஷத்தில் ஒன்றும் நடந்திருக்காது. அதனால் வணக்கத்துக்கு அடுத்தபடியாக ஒரு வரி சேர்த்தேன்:

> "முதல் தடவைக்கு வெள்ளைத் துணியும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். நீலமோ பச்சையோ, ஒரே நிறத்துல, ரொம்ப இருட்டா இல்லாத ஒரு சட்டைப் படமா எடுத்துக்கோங்க."

சேமிப்பதில் இரண்டு கோப்பு. இதை விரிவாக விளக்கப் போனால் கேட்பவர் தூங்கிவிடுவார். `Ctrl+S` அடித்தால் கிடைக்கிற `.xcf` கோப்பில் லேயர் எல்லாம் தனித்தனியாக இருக்கும். நாளைக்குப் பச்சை வேண்டும் என்றால் அதைத் திறந்து வேறு நிறம் பூசலாம். ஆனால் வாட்ஸப்பில் அனுப்பினால் எதிரே இருப்பவருக்குப் படமாகத் தெரியாது. அனுப்புவதற்கு `File` மெனுவில் `Export As`, பெயரைக் கடைசியில் `.jpg` என்று முடிப்பது. வரைவில் இப்படி எழுதினேன்: "உங்களுக்கு `Ctrl+S`, மத்தவங்களுக்கு `Export As`." பெயரை மாற்றி வையுங்கள் என்பதையும் சேர்த்தேன். அதே பெயரில் ஏற்றுமதி செய்தால் மூலப்படத்தின் மேலேயே எழுதட்டுமா என்று கேட்கும், பழக்கத்தில் ஆமாம் சொல்லிவிடுவார்கள்.

நேரம் எப்படிக் கணித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் என் குரலைப் பதிவு செய்து பார்த்ததில், இடைவெளி விட்டுப் பேசினால் நிமிஷத்துக்குச் சுமார் 80 சொல் வருகிறது. நாலு நிமிஷம் என்றால் 320. என் முதல் எழுத்துவடிவம் 600-ஐத் தாண்டியது. வெட்டியதில் போனது முக்கியமாக இரண்டு வகை: மென்பொருளின் வரலாறு, "இதையே இன்னொரு வழியிலும் செய்யலாம்" என்கிற வாக்கியங்கள். அதற்கப்புறமும் நாலு நிமிஷம் இருபது விநாடி வந்தது. "நாலு நிமிஷத்துல மாத்தப் போறோம்" என்று சொன்ன வரியை அப்படியே விட்டுவிட்டேன். அக்கா கடிகாரம் பார்க்கவில்லை.

அவள் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, முக்கால் மணி நேரத்தில் முடித்து அனுப்பினாள். பட்டன் வெள்ளையாக நின்றது, மடிப்பு நன்றாக வந்தது. மகளின் தாடைக்குக் கீழே மட்டும் லேசான நீலம். குர்தியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் தோலில் விழுந்தது அது. துணியை மாற்றினாலும் அந்த வெளிச்சம் பழைய துணியுடையதாகவே இருக்கிறது. தெரியாதவர்கள் கவனிக்க மாட்டார்கள். அதற்கு இன்னொரு லேயர் போட்டு, குறைந்த ஒளிபுகா அளவில் தோல் நிறத்தை அதே முறையில் பூச வேண்டும். அது இரண்டாவது வீடியோ.

படத்தை அனுப்பும்போது கீழே அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள். நான் சொல்லிக் கொடுக்காதது: "நிறம் கம்ப்யூட்டர்ல மாத்தினது. துணி எடுக்கும்போது நேர்ல ஒரு தடவ பாத்துக்கோங்க." முன்னொரு தடவை போட்டோவில் பார்த்த நிறம் இல்லை என்று ஒருவர் தைத்த ப்ளவுஸைத் திருப்பிக் கொடுத்தாராம். அந்தத் துணிக்கான காசு அவளுக்குப் போச்சு. அந்த வரியை இப்போது வரைவில், `Export As`-க்கு அடுத்ததாக நானும் சேர்த்துவிட்டேன்.